தட்டு மாற்றியது காலை 8:31: ஒரு நிச்சயத்துக்கு நாளும் நேரமும் பார்த்த கதை

சில வருடங்களுக்கு முன் எங்கள் உறவில் ஒரு நிச்சயதார்த்தம். வெள்ளிக்கிழமை, நல்ல நட்சத்திரம், நல்ல திதி. அழைப்பில் '9:15 முதல் 10:15 வரை' என்று போட்டிருந்தார்கள். 9 மணிக்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காபி, விசாரிப்பு, பூஜை, சீர்த்தட்டுகளை எண்ணி அடுக்குவது என்று பொழுது போனது. கடைசியில் தட்டு மாற்றியபோது மணி 10:40. வெள்ளிக்கிழமை ராகு காலம் 10:30-க்கே பிறந்துவிட்டது. பெண்ணின் பாட்டிக்கு அந்த மனக்குறை இன்னும் போகவில்லை. நாளில் தப்பில்லை, நேரத்திலும் தப்பில்லை. அந்த நேரம் எந்தக் காரியத்துக்கு என்று யாரும் முடிவு செய்யாததுதான் தப்பு.

அதனால் என் அக்கா மகளுக்கு வரன் கூடி வந்தபோது, பஞ்சாங்கத்தைப் பிரிக்கும் முன்பே அக்காவிடம் இரண்டு கேள்வி கேட்டேன். பெண் பார்க்கும் அன்று எந்த நிமிடம் நல்ல நேரத்தில் விழ வேண்டும்? நிச்சயத்தில் எந்த நிமிடம்? பேசி முடிவு செய்தோம். பெண் பார்ப்பதில் இரண்டு நிமிடங்கள் முக்கியம்: மாப்பிள்ளை வீட்டார் வாசல்படி தாண்டிக் கிளம்புவது ஒன்று, பெண் வந்து நமஸ்காரம் செய்வது இன்னொன்று. நிச்சயத்தில் தட்டு மாற்றுவது ஒன்றுதான் முகூர்த்தம். பூஜை, பத்திரிகை வாசிப்பது, பூ வைப்பது, மோதிரம் எல்லாம் அதற்கு முன்னும் பின்னும் அமைந்துகொள்ளும்.

பெண்ணுக்கு உத்திரட்டாதி, மீன ராசி. மாப்பிள்ளைக்கு உத்திரம் 3-ம் பாதம், கன்னி ராசி. பெண் வீடு மயிலாடுதுறை, மாப்பிள்ளை வீடு திருச்சி. பொருத்தம் பார்த்து முடித்தபோது ஆடி கடைசி. ஆடியில் பேச்சு எடுப்பதில்லை, புரட்டாசியில் நிச்சயம் வைப்பதில்லை என்பது இரண்டு வீட்டு வழக்கமும். ஆக, பெண் பார்ப்பதும் நிச்சயமும் ஆவணிக்குள் முடிய வேண்டும். அந்த ஆவணியில் அமாவாசை 17-ம் தேதி வந்தது. வளர்பிறையில்தான் செய்ய வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்ததால், எங்கள் கையில் இருந்தது 18 முதல் 31 வரை பதினான்கே நாள்.

கழித்துக்கொண்டே வருவதுதான் என் முறை. நல்ல நாளைத் தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆகாத நாளைக் கழித்தால் மிச்சம் நிற்பதில் சண்டை வராது.

முதல் கழித்தல் கிழமை, திதி. செவ்வாயும் சனியும் போயின. திதியில் பிரதமை, சதுர்த்தி, அஷ்டமி, நவமி, சதுர்த்தசி ஆகியவற்றை விட்டோம். எங்கள் வீட்டு நாட்காட்டியில் அந்த வளர்பிறைக்குப் போட்டிருந்த முகூர்த்த நாட்களும் ஏறக்குறைய இதே கழித்தலில் வந்தவைதான்: 20 வியாழன், 21 வெள்ளி, 23 ஞாயிறு, 30 ஞாயிறு, 31 திங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாட்காட்டியில் முகூர்த்த நாள் என்று போடுவது ஊருக்கெல்லாம் பொதுவானது. அதில் உங்கள் பெண்ணின் நட்சத்திரம் எங்கேயும் இல்லை. பட்டியலில் இருப்பதாலேயே நாள் நமக்குச் சரியாகிவிடாது. இந்தக் கதையில் நிச்சயத்துக்கு நின்ற மூன்று முகூர்த்த நாளில் இரண்டு அப்படித்தான் கழிந்தன.

பெண் பார்க்க 20 வியாழன் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. நாள் முழுக்க ஹஸ்தம். துவிதியை பகல் 12:21 வரை, அதற்குப் பிறகு திருதியை. இரண்டுமே நல்ல திதி என்பதால் நடுவில் மாறுவது பற்றிக் கவலையில்லை. 'பன்னிரண்டு நட்சத்திரத்தில் வழிப்பயணம் ஆகாது' என்று பழைய பாட்டு ஒன்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் மகமும் சுவாதியும் உண்டு. கல்யாணத்துக்கு எடுக்கும் நட்சத்திரங்களிலும் அந்த இரண்டும் உண்டு! பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அது முதலில் பயணம், பிறகுதான் சுப காரியம். அதனால் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மகமும் சுவாதியும் பெண் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. ஹஸ்தத்தில் அந்தச் சிக்கல் கிடையாது.

அப்புறம் தாராபலம். இது எண்ணத் தெரிந்தால் போதும், ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. ஜென்ம நட்சத்திரத்தை ஒன்று என்று வைத்து அன்றைய நட்சத்திரம் வரை எண்ண வேண்டும். ஒன்பதுக்கு மேல் போனால் ஒன்பதால் வகுத்து மிச்சத்தை எடுக்க வேண்டும். மிச்சம் 2, 4, 6, 8 வந்தாலும், மிச்சமில்லாமல் ஒன்பதாக வந்தாலும் நல்லது. 3, 5, 7 வந்தால் விட்டுவிட வேண்டும். 1 என்றால் ஜென்ம தாரை, அதையும் பெரும்பாலும் தவிர்ப்போம். உத்திரத்திலிருந்து ஹஸ்தம் இரண்டாவது, சம்பத்து தாரை. உத்திரட்டாதியிலிருந்து எண்ணினால் ரேவதி, அசுவினி என்று போய் ஹஸ்தம் பதினைந்தாவது. மிச்சம் 6, சாதக தாரை. இரண்டு பேருக்கும் சரி. எண்ணும்போது பலரும் ஜென்ம நட்சத்திரத்தை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து ஒன்று என்று தொடங்கிவிடுகிறார்கள். அப்படி எண்ணினால் இந்தக் கணக்கில் ஹஸ்தம் ஒருவருக்கு 1, இன்னொருவருக்கு 5 என்று வந்து நல்ல நாளே கைவிட்டுப் போயிருக்கும்.

நேரத்துக்கு வருவோம். வியாழக்கிழமை எமகண்டம் காலை 6 முதல் 7:30, குளிகை 9 முதல் 10:30, ராகு காலம் பகல் 1:30 முதல் 3. எல்லாருக்கும் வேலை நாள் என்பதால் மாலைதான் தோது. 4 முதல் 5 வரை சுக்கிர ஓரை, 5 முதல் 6 வரை புதன் ஓரை. பெண் சபைக்கு வருவது 4:30-க்கு என்று வைத்துப் பின்னோக்கி எண்ணினோம். திருச்சியிலிருந்து மயிலாடுதுறைக்குக் காரில் மூன்று மணி நேரம். அப்படியானால் 1:30-க்குக் கிளம்ப வேண்டும், அது ராகு காலத்தின் முதல் நிமிடம். ஆகவே 1 மணிக்கு மேல், குரு ஓரையில், 1:30-க்கு முன் படி தாண்டிவிடச் சொன்னோம். அவர்கள் 1:10-க்குக் கிளம்பினார்கள். வழியில் ராகு காலம் வந்தால் பரவாயில்லையா என்று மாப்பிள்ளையின் அம்மா போனில் கேட்டார்கள். புறப்பாடுதான் கணக்கு, தொடங்கிவிட்ட பயணத்துக்கு இடையில் வருவதைப் பார்ப்பதில்லை. வியாழக்கிழமை சூலம் தெற்கே. அவர்கள் வருவது கிழக்கு நோக்கி, அதனால் அதுவும் குறுக்கே வரவில்லை.

பெண் பார்ப்பதற்கு இவ்வளவு போதும். சில வீடுகளில் இதற்கே லக்னம் வரை போகிறார்கள். என்னைக் கேட்டால் அது அதிகம். கைகூடுமா கூடாதா என்று பார்க்க வருகிற நிகழ்ச்சிக்கு நாள், தாராபலம், ராகு காலம் எமகண்டம் இல்லாத ஒரு நல்ல ஓரை இருந்தால் நிறைவு.

இரண்டு பக்கமும் பிடித்துப்போய், அன்றைக்கே நிச்சய நாள் பேச்சு வந்தது. அங்கேதான் வேலை கூடியது.

அக்கா கேட்டது 23 ஞாயிறு. மூன்று நாள் கழித்துத்தான். பஞ்சமி, சுவாதி, முகூர்த்த நாள், எல்லாருக்கும் விடுமுறை. "தம்பி, இதைவிட நல்ல நாள் எது?" என்றாள். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் 23-ம் தாளைப் புரட்டி, கீழே சின்ன எழுத்தில் இருந்த வரியைக் காட்டினேன். 'சந்திராஷ்டமம்: உத்திரட்டாதி' என்று இருந்தது. பெண்ணின் நட்சத்திரமே. சந்திரன் அன்று துலாத்தில், மீனத்துக்கு அது எட்டாமிடம். தாளில் அந்த வரி இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம்: ஜென்ம நட்சத்திரத்திலிருந்து பதினேழாவது நட்சத்திரம் ஓடும் நாள் பொதுவாகச் சந்திராஷ்டமம். உத்திரட்டாதிக்குப் பதினேழாவது சுவாதி. ஆனால் அந்த ஒரு நாளோடு அது முடிவதில்லை. சந்திரன் எட்டாம் ராசியில் இருக்கும் ஏறக்குறைய இரண்டேகால் நாளும் சந்திராஷ்டமம்தான். தாளில் ஒரு நட்சத்திரத்தை மட்டும் அச்சிடுவதால், அடுத்த நாள் தப்பித்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் உண்டு. ராசியைப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

அக்கா முகம் வாடியது. ஆனாலும் மணப்பெண்ணுக்கே சந்திராஷ்டமம் என்றால் நான் இறங்கி வருவதில்லை. மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ என்றால் பார்க்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் பார்த்தால் வருடத்தில் ஒரு நாள் தேறாது.

மாப்பிள்ளையின் அப்பா சொன்னது 28 வெள்ளி. தசமி, வெள்ளிக்கிழமை, கேட்கவே நன்றாக இருந்தது. தாராபலம்கூட இரண்டு பேருக்கும் வந்தது: அன்று பூராடம், மாப்பிள்ளைக்கு ஒன்பதாவது, பெண்ணுக்கு இருபத்திரண்டாவது, மிச்சம் 4. ஆனால் ஆவணி 28 கரிநாள். கரிநாள் என்பது திதியையோ நட்சத்திரத்தையோ பார்த்து வருவதில்லை. தமிழ்த் தேதிக்கு நிலையாக ஒட்டியிருப்பது. ஆவணியில் 2, 9, 28, எந்த வருடமானாலும் இதேதான். ஆங்கிலத் தேதியை மட்டும் பார்த்து நாள் குறிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. "ஐயா, 28 கரிநாள். பூராடமும் நிச்சயத்துக்கு எடுக்கிற நட்சத்திரம் இல்லை" என்றேன். அவர் தன் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு உடனே ஒப்புக்கொண்டார்.

மிச்சம் 30 ஞாயிறும் 31 திங்களும். 31-ல் திரயோதசி, அவிட்டம். பட்டியலில் முகூர்த்த நாள்தான். ஆனால் உத்திரத்திலிருந்து அவிட்டம் பன்னிரண்டாவது, மிச்சம் 3, விபத்து தாரை. உத்திரட்டாதியிலிருந்து இருபத்தைந்தாவது, மிச்சம் 7, வதை தாரை. ஒருவருக்கு என்றாலே யோசிப்போம், இரண்டு பேருக்கும் என்றால் பேச்சே இல்லை.

30 ஞாயிறு, திருவோணம். மாப்பிள்ளைக்குப் பதினொன்று, மிச்சம் 2. பெண்ணுக்கு இருபத்து நான்கு, மிச்சம் 6. பெண் பார்த்த ஹஸ்தத்துக்கு வந்த அதே விடை. ஹஸ்தத்துக்கும் திருவோணத்துக்கும் இடையே சரியாக ஒன்பது நட்சத்திர தூரம் என்பதால் அப்படி வந்தது. ஒருவருக்கு ஒரு நட்சத்திரம் சரி என்றால், அதிலிருந்து ஒன்பது ஒன்பதாகத் தள்ளி வரும் மற்ற இரண்டும் தாராபலத்தில் சரியாகவே வரும். சந்திரன் மகரத்தில், மீனத்துக்குப் பதினொன்று, கன்னிக்கு ஐந்து. துவாதசியைச் சிலர் மத்திமம் என்பார்கள், விலக்க வேண்டிய திதி என்று யாரும் சொல்லவில்லை. நாள் நின்றது.

அடுத்து திதியும் நட்சத்திரமும் எதுவரை என்று பார்த்தோம். என்னிடம் இருந்த பஞ்சாங்கத்தில் துவாதசி 30-25, திருவோணம் 31-57 என்று இருந்தது. இது மணி இல்லை. சூரிய உதயத்திலிருந்து நாழிகை, விநாடி. ஒரு நாழிகை 24 நிமிடம், இந்த விநாடி அதில் அறுபதில் ஒரு பங்கு. 30 நாழிகை என்றால் 720 நிமிடம், 25 விநாடிக்கு இன்னும் 10 நிமிடம். மொத்தம் 12 மணி 10 நிமிடம். மயிலாடுதுறையில் அன்று உதயம் 6:02. ஆக துவாதசி மாலை 6:12 வரை, திருவோணம் 6:49 வரை. 30-25 என்பதை இரவு பன்னிரண்டு மணியிலிருந்து கணக்கிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் ஆறு மணி நேரம் முன்னே போய்விடும், நட்சத்திரமே மாறிவிடும்.

மாப்பிள்ளை வீட்டில் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம், எங்கள் வீட்டில் திருக்கணிதம். இரண்டுக்கும் திதி நட்சத்திர முடிவில் சில மணி நேரம் வரை வித்தியாசம் வரலாம். எது சரி என்ற வாதத்தை நிச்சய வீட்டில் ஆரம்பிக்கவே கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அதே திதியும் நட்சத்திரமும் ஓடும் பொழுதை எடுத்தால் போதும். 30-ம் தேதி காலை முழுக்க இரண்டிலும் துவாதசி, திருவோணம்தான். மாலை என்றால்தான் தகராறு வந்திருக்கும்.

நேரத்தில் முதலில் ஞாயிற்றுக்கிழமையின் மூன்று தடைகள்: ராகு காலம் 4:30 முதல் 6, எமகண்டம் 12 முதல் 1:30, குளிகை 3 முதல் 4:30. குளிகையில் செய்தது திரும்ப நடக்கும் என்பார்கள். நகை வாங்க அது நல்லது, நிச்சயம் திரும்ப நடக்க வேண்டாம். பல நாட்காட்டிகளில் ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் என்று மாலை 3:15 முதல் 4:15 போட்டிருக்கும். அது அப்படியே குளிகைக்குள் கிடக்கிறது. பத்தில் எட்டுப் பேர் அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்து நேரம் குறித்துவிடுகிறார்கள்.

இந்த ஒன்றரை மணிக் கணக்கெல்லாம் உதயம் 6, அஸ்தமனம் 6 என்று வைத்துப் போட்டது. ஆவணியில் உதயம் 6:02 என்பதால் பெரிய மாற்றமில்லை. தை மாதத்தில் உதயம் 6:35 வாக்கில் வரும். அப்போது திங்கட்கிழமை ராகு காலம் 7:30-க்கு இல்லை, ஏறக்குறைய 8 மணிக்குத் தொடங்கி 9:27 வரை இருக்கும். தையில் 9 மணிக்குத் தட்டு மாற்றினால், ராகு காலம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே ராகு காலத்தில் மாற்றியிருப்போம். ஓரத்தில் நேரம் வைக்காமல் இரு பக்கமும் அரை மணி விட்டு வைப்பது நான் இதனால்தான்.

இனி லக்னம். உதயத்தின்போது சூரியன் இருக்கும் ராசியே லக்னம். ஆவணியில் சிம்மம். மாதம் போகப் போக உதயத்துக்குப் பிறகு அது மிச்சமிருக்கும் நேரம் நாளுக்கு நான்கு நிமிடம் போலக் குறையும். 30-ம் தேதி ஆறு நிமிடம்தான் மிச்சம். நம் பக்கத்துக் கணக்கில் கன்னி 5 நாழிகை, துலாம் 5, விருச்சிகம் ஐந்தேகால். ஆக 6:08 முதல் 8:08 வரை கன்னி, 10:08 வரை துலாம், 12:14 வரை விருச்சிகம்.

இரண்டு வீட்டாருக்கும் பிடித்தது 10:30 முதல் 12. கௌரி பஞ்சாங்கத்தில் அது லாபம். 11-லிருந்து 12 வரை குரு ஓரை வேறு. திருச்சியிலிருந்து காலையில் கிளம்பி வந்துவிடலாம். விருச்சிகம் ஸ்திர லக்னம், நிலைத்து நிற்க வேண்டிய காரியத்துக்கு ஏற்றதுதான். ஆனால் அந்த ஆவணியில் செவ்வாய் மிதுனத்தில் இருந்தார். விருச்சிகத்துக்கு அது எட்டு. முகூர்த்த லக்னத்துக்கு எட்டில் பாப கிரகம் இருக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை, செவ்வாய் என்றால் கேட்கவே வேண்டாம். கன்னியைப் பார்த்தால் லக்னத்திலேயே கேது, ஏழில் ராகு. மிச்சம் துலாம். அதற்கு எட்டில் குரு இருந்தார். எட்டு காலியாக இருந்தால்தான் உத்தமம், இது உத்தமம் இல்லை. சுப கிரகம் என்பதாலும் ஏழாமிடம் சுத்தமாக இருந்ததாலும் நிச்சயத்துக்கு ஏற்றுக்கொண்டேன். கல்யாண முகூர்த்தமாக இருந்தால் வேறு நாளே தேடியிருப்பேன்.

துலா லக்னம் 8:08 முதல். கௌரியில் அமிர்தம் 7:30 முதல் 9 வரை. புதன் ஓரை 8 முதல் 9 வரை. மூன்றும் சேர்ந்து நிற்பது 8:08 முதல் 9. முன்னும் பின்னும் கொஞ்சம் விட்டு, தட்டு மாற்றுவது 8:20-லிருந்து 8:50-க்குள் என்று எழுதினேன்.

"அவ்வளவு காலையிலா?" என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். முதல் நாள் மாலையே வந்து தங்கச் சொன்னோம். சனிக்கிழமை கிழக்கே சூலம், அவர்கள் வருவதும் கிழக்கே. அதற்குப் பரிகாரம் தயிர். தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, எமகண்டம் கழிந்து 3:15-க்குக் கிளம்பினார்கள். பெண்ணின் உடல் நாள் கணக்கையும் அக்காவிடம் தனியாகக் கேட்டுக்கொண்டேன். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, எல்லாம் குறித்த பிறகு நாள் மாற்றிய வீடுகள் உண்டு.

அன்று காலை 7:15-க்குப் பிள்ளையார் பூஜை. 7:45-க்கு இரு வீட்டுப் பெரியவர்களின் அறிமுகம். 8 மணிக்கு லக்னப் பத்திரிகை எழுதி முடித்து, 8:20-க்கு வாசிக்கத் தொடங்கினார் வாத்தியார். காபி டம்ளர் எதுவும் 9 மணிக்கு முன் கூடத்துக்கு வரக் கூடாது என்று சமையற்கட்டில் சொல்லி வைத்திருந்தேன். என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாத்தியார் முன் மனையில் வைத்தேன். பத்திரிகை வாசித்து, மஞ்சள் தடவி, அத்தானும் சம்பந்தியும் எழுந்து நின்று தட்டு மாற்றியபோது 8:31.

அழைப்பில் நாங்கள் போட்டிருந்தது 'காலை 7:15 முதல்' என்று மட்டும்தான். 8:20 என்று போட்டிருந்தால் எல்லாரும் 8:20-க்குத்தான் வந்திருப்பார்கள்.